மாணவர் தலையங்கத்துக்கு மதிப்பெண் போடும்போது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மாணவர் இதழ்களின் தலையங்கங்களை மதிப்பிடுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நிலைப்பாட்டில் தெளிவு, சான்றுகளில் நேர்மை, சொற்களில் சிக்கனம் என்ற மூன்று அளவுகோல்களும் எனக்கு உடன்பாடே. மூன்றுக்கும் சம மதிப்பெண் கொடுத்துக் கடைசியில் கூட்டிவிடலாம் என்று கட்டுரையாளர் சொல்லும் இடத்தில்தான் நான் வேறுபடுகிறேன். இப்படிப்பட்ட போட்டிகளுக்குப் பல ஆண்டுகளாக நடுவராக இருந்து வருகிறேன். சிக்கனமும் நேர்மையும் ஒன்றோடொன்று மோதும் இடம் ஒன்று உண்டு. தனித்தனியாக மதிப்பெண் போட்டால் அது கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

ஒரு தலையங்கத்தை எடுத்துக்கொண்டே சொல்கிறேன். பள்ளி தொடங்கும் நேரத்தைத் தள்ளிவைக்க வேண்டும் என்று கேட்கும் தலையங்கம் அது. மாணவர் இதழ்களில் அடிக்கடி வரும் பொருள்தான். அதில் இப்படி ஒரு வரி: "சியாட்டிலில் பள்ளி நேரத்தைத் தள்ளிவைத்தார்கள், மதிப்பெண் ஏறியது, வருகை கூடியது." படிக்க நன்றாக இருக்கிறது. ஒரு சொல்கூட மிகையில்லை. சிக்கனத்துக்கு முழு மதிப்பெண் போடத்தான் தோன்றும்.

இப்போது அந்த ஆய்வையே எடுத்துப் பார்ப்போம். அமெரிக்க நகரமான சியாட்டிலில் 2016இல் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்க நேரம் காலை 7:50இலிருந்து 8:45க்கு மாறியது. அங்கே இரண்டு பள்ளிகளில் நடந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. மாணவர்களின் கையில் கருவி கட்டித் தூக்கத்தை அளந்தார்கள். மாற்றத்துக்குப் பிறகு தூக்கம் சுமார் 34 நிமிடம் கூடியிருந்தது. மதிப்பெண்ணும் கூடியிருந்தது, ஆனால் மாற்றத்துக்கு முன் அளந்த மாணவர்கள் வேறு, பின் அளந்த மாணவர்கள் வேறு. வருகை மேம்பட்டது இரண்டு பள்ளிகளில் ஒன்றில் மட்டும்தான்.

மாணவர் எழுதிய வரியில் பொய் எதுவும் இல்லை. ஆனால் "இரண்டு பள்ளிகளில்", "ஒன்றில் மட்டும்" என்ற சொற்கள் போய்விட்டன. வரியைச் சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது இந்த மாதிரிச் சொற்கள்தான், ஏனென்றால் அவை வேகத்தைக் குறைக்கின்றன. சான்று எவ்வளவு தூரம் செல்லும் என்று வாசகருக்குச் சொல்வதும் அதே சொற்கள்தான். இங்கே சிக்கனத்துக்கு 10, நேர்மைக்கு 6 என்று போட்டால், ஒரே செயலுக்குப் பரிசும் தண்டனையும் சேர்த்துக் கொடுத்ததாக ஆகும்.

இதே தலையங்கம் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? "இன்றைய நவீன காலகட்டத்தில் உறக்கம் என்பது மனித வாழ்வில் இன்றியமையாத ஒன்றாகும் என்பதை யாராலும் மறுக்க இயலாது." யாரும் மறுக்கப்போவதில்லை என்று அவரே சொல்லிவிட்டார், அப்புறம் எதற்கு அந்த வரி? அதை முழுக்க எடுத்துவிட்டால் "ஒரு பள்ளியில் மட்டும்" என்று எழுத வேண்டிய இடம் தாராளமாகக் கிடைத்துவிடும். நான் செய்வது இதுதான்: ஒரு சொல்லை மனத்தளவில் அடித்துப் பார்ப்பேன். பொருள் மாறவில்லையென்றால் அது மிகை. சொல் போனதும் கூற்று பெரிதாகிவிட்டதென்றால், அது இருக்க வேண்டிய சொல். நான் சிக்கனம் என்று கொள்வது இந்தச் சோதனையைத்தான். வார்த்தை எண்ணிக்கையை அல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஆய்வில் மாணவருக்கு மிகவும் உதவக்கூடியது அந்த 34 நிமிடம். தாமதமாகத் தொடங்கினால் பிள்ளைகள் அதற்கேற்ப இரவு கூடுதலாக விழித்திருப்பார்கள், தூக்கம் கூடாது என்பதுதான் எதிர்த் தரப்பின் வழக்கமான வாதம். அதற்கு நேரடியான பதில் இந்த அளவீட்டில் இருக்கிறது. மாணவர் அதை விட்டுவிட்டு, கவர்ச்சியாக இருக்கும் மதிப்பெண்ணைப் பிடித்துக்கொண்டார். சான்றை நேர்மையாகப் பயன்படுத்தியிருந்தால் வாதம் பலமாகியிருக்கும். நேர்மை என்றால் அடக்கி வாசிப்பது என்று பல மாணவர்கள் நினைக்கிறார்கள். நடுவர் குறிப்பில் இதை எழுதிக் கொடுத்தால் அடுத்த முறைக்கு உதவும்.

எதிர்த் தரப்பைச் சொல்லும் விதத்தையும் நான் நேர்மையின் கீழேதான் வைப்பேன். "சிலர் பழைய வழக்கத்தை விட மனமில்லாமல் எதிர்க்கிறார்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் போதாது. பேருந்து நேரங்கள், மாலை விளையாட்டுப் பயிற்சி, வேலைக்குக் கிளம்பும் பெற்றோர் என்று உண்மையான தடைகள் இருக்கின்றன. எதிர்ப்பவரிடம் அந்தப் பத்தியைக் காட்டினால் "ஆமாம், நான் சொல்வது இதுதான்" என்பாரா? என்பார் என்றால் மதிப்பெண் கொடுக்கலாம்.

நிலைப்பாட்டுக்கு வருகிறேன். இதைக் கண்டுபிடிப்பது எளிது. நடுவர்கள் இருவர் தனித்தனியாகப் படித்துவிட்டு, தலையங்கம் என்ன கேட்கிறது என்று ஆளுக்கு ஒரு வரி எழுத வேண்டும். இரண்டு வரியும் ஒத்துப்போகவில்லையென்றால் நிலைப்பாடு தெளிவாக இல்லை. "நிர்வாகம் இதைப் பரிசீலிக்க முன்வர வேண்டும்" என்று முடியும் தலையங்கத்தில் பெரும்பாலும் ஒத்துப்போகாது. "வரும் கல்வியாண்டு முதல் நம் பள்ளி 8:30க்கு முன் தொடங்கக் கூடாது" என்பதில் யாருக்கும் குழப்பம் வராது. அந்த நேரத்துக்கு ஆதாரமும் உண்டு. நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் 8:30க்கு முன் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014இல் பரிந்துரைத்தது. அதைப் பரிந்துரை என்றே சொல்ல வேண்டும். "மருத்துவர்கள் நிரூபித்துவிட்டார்கள்" என்று எழுதினால் மறுபடி அதே சிக்கல்.

உரத்துப் பேசுவதைத் தெளிவு என்று எடுத்துக்கொள்ளும் நடுவர்களும் இருக்கிறார்கள். "அநீதி", "கொடுமை" என்று வரிக்கு வரி எழுதியும், என்ன மாற வேண்டும் என்று கடைசி வரை சொல்லாத தலையங்கங்கள் நிறைய வருகின்றன. அவற்றுக்கு இந்த அளவுகோலில் நான் பாதிக்கு மேல் தருவதில்லை.

எல்லாத் தலையங்கங்களின் சான்றுகளையும் தேடிப் படிக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. முதல் சுற்றில் நிலைப்பாட்டையும் சொற்களையும் வைத்துக் கழித்துவிடலாம். இறுதிச் சுற்றுக்கு வருபவற்றில், எந்தச் சான்றை எடுத்துவிட்டால் வாதமே விழுந்துவிடுமோ அந்த ஒன்றை மட்டும் மூலத்தில் போய்ப் பார்த்தால் போதும். மூலத்தைத் திறந்து, எத்தனை பேர், எங்கே, எதை அளந்தார்கள் என்று பார்க்கக் கொஞ்ச நேரம்தான் ஆகும். அந்தச் சான்று தலையங்கம் சொல்வதைத் தாங்கவில்லையென்றால், மற்ற இரண்டிலும் எவ்வளவு வாங்கியிருந்தாலும் அதற்கு முதல் பரிசு தரக் கூடாது. மாணவரிடம் ஆய்வாளரின் தேர்ச்சியை எதிர்பார்க்கவில்லை. தான் மேற்கோள் காட்டுவதை ஒரு முறை முழுதாகப் படித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பரிசு பெற்ற தலையங்கத்தை வெளியிடும்போது, அதன் முக்கியச் சான்றை நடுவர்கள் எங்கே, எப்படிச் சரிபார்த்தார்கள் என்பதையும் பக்கத்திலேயே இரண்டு வரியில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்