கோட்டுப் பிளானிலிருந்து அறைப் படம்: பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம், பாம்பன் பக்கம் வீட்டுப் பிளான் போட்டுத் தரும் பொறியாளர்களுக்கும் டிராஃப்ட்ஸ்மேன்களுக்கும் வணக்கம்.

இந்தக் கரையோர ஊர்களில் வீட்டு உள்வேலை எடுத்துச் செய்கிறேன். வீட்டுக்காரர் பெரும்பாலும் வளைகுடாவில் இருப்பார். நீங்கள் கோட்டுப் பிளானை ஏஐ செயலியில் ஏற்றி, கட்டில், அலமாரி, திரைச்சீலை எல்லாம் போட்ட அறைப் படமாக மாற்றி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்கள். அவர் அங்கிருந்தே சம்மதம் சொல்லிவிடுகிறார். பிறகு அந்தப் படம்தான் எனக்கு ஆர்டராக வருகிறது.

கீழக்கரையில் ஒரு படுக்கையறை. அகலம் 10 அடி, நீளம் 12 அடி. 12 அடி கிழக்குச் சுவரில் கட்டிலின் தலைமாடு, எதிரே மேற்குச் சுவர் முழுக்க அலமாரி. படத்தில் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே இரண்டு பேர் தாராளமாக நடக்கலாம். கணக்குப் போட்டால் கட்டில் நீளம் ஆறரை அடி, மீதி மூன்றரை. அதில் அலமாரியின் ஆழம் 2 அடி போனால் மிஞ்சுவது ஒன்றரை அடி. ஒன்றரை அடிக் கதவைத் திறந்தால் அது கட்டிலில் போய் நிற்கும். ஆள் நிற்க இடமே இல்லை.

இதைக் கண்டுபிடிக்கப் படமே போதும். கட்டில் அகலம் 6 அடி, சுவர் 12 அடி. ஆகவே சுவரை நேருக்கு நேர் காட்டும் படத்தில் தலைமாட்டுப் பலகை சுவரில் சரிபாதியை அடைக்க வேண்டும். அந்தப் படத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அடைத்தது. அதாவது செயலி வரைந்தது 18 அடிச் சுவர். தலைமாடும் சுவரும் ஒட்டி இருப்பதால் இந்த விகிதம் செல்லும். முன்னால் தள்ளி இருக்கும் சோபாவை வைத்து இப்படி அளக்க முடியாது. கிட்டே இருப்பது பெரிதாகத் தெரியும்.

ஏன் இப்படி ஆகிறது? மேலிருந்து பார்க்கும் படமாகவே கேட்டால், பிளானில் கோடு எங்கே இருக்கிறதோ அங்கேயே சுவர் வரும். அந்த வகைப் படத்தைப் பெரும்பாலும் நம்பலாம். ஆள் நின்று பார்க்கும் கோணத்தில் கேட்டால் ஒரு கோடுகூடப் பழைய இடத்தில் இருக்க முடியாது. ஜன்னல் அடிமட்டம், லிண்டல், கூரை உயரம் எதுவும் பிளானில் இல்லை. எழுதியிருக்கும் அடிக்கணக்கை வைத்துச் செயலி அளந்து வரைவதும் இல்லை. தான் பார்த்துப் பழகிய அறைகளின் சாயலில் ஒன்றை வரைந்துவிடுகிறது. அவை பெரும்பாலும் பெரிய அறைகள்.

நம் வரைபட வழக்கமும் அதைக் குழப்புகிறது. பிளான் என்பது சுமார் 4 அடி உயரத்தில் வீட்டை வெட்டிப் பார்ப்பது. அதற்கு மேலே உள்ள லாஃப்ட், சன்ஷேடு, வெண்டிலேட்டரைப் புள்ளிக்கோட்டில் போடுகிறோம். லாஃப்டின் புள்ளிக்கோடு தரையில் கம்பள விளிம்பாக வந்ததைப் பார்த்திருக்கிறேன். கதவு திறக்கும் வளைகோடு வளைந்த சுவராகிவிடும். சன்ஷேடு காணாமலே போகும். ஆடிக் காற்றும் உப்பும் அடிக்கும் ஊரில், சன்ஷேடு இல்லாத பெரிய கண்ணாடி ஜன்னலைப் பார்த்து வீட்டுக்காரர் ஆசைப்பட்டுவிடுகிறார்.

உங்களிடம் கேட்பது இதுதான். பிளானை நேராக ஏற்றாதீர்கள். ஸ்கெட்ச்அப்பிலோ பிளெண்டரிலோ சுவரை 10 அடி எழுப்புங்கள். கட்டில், அலமாரிக்கு நிஜ அளவில் வெறும் பெட்டிகளை வையுங்கள். கேமராவை 5 அடி உயரத்தில் நிறுத்தி, அந்தக் காட்சியின் கோட்டுப் படத்தை எடுங்கள். அதைக் கன்ட்ரோல்நெட் போன்ற, கோட்டைப் பின்பற்றும் வசதியில் கொடுங்கள். இப்போது கோணமும் அளவும் கோட்டிலேயே இருப்பதால், செயலி நிறமும் துணியும் வெளிச்சமும் மட்டும் சேர்த்தால் போதும். கோட்டுக்குக் கட்டுப்படும் அளவை ரொம்பக் குறைத்தால் மறுபடி சுவர் நகரும். படம் வந்ததும் கதவு, ஜன்னலை எண்ணிப் பாருங்கள்.

இதிலும் ஒரு குறை மிஞ்சும். அதே அறையை எதிர்மூலையிலிருந்து இன்னொரு படமாக எடுத்தால் அலமாரியின் நிறமும் கைப்பிடியும் மாறிவிடும். கேமராவுக்குப் பின்னால் இருந்ததை முதல் படம் காட்டியதே இல்லை என்பதால், அந்தப் பக்கத்தையும் செயலி புதிதாகத்தான் வரையும். எனவே மரம், லேமினேட், கைப்பிடி எல்லாம் சாம்பிள் பார்த்தே முடிவாகட்டும். வீட்டுக்காரருக்கு அனுப்பும் ஒவ்வொரு அறைப் படத்தோடும் கட்டிலும் அலமாரியும் அளவோடு போட்ட பிளானையும் சேர்த்து அனுப்புங்கள். நடைவழி எத்தனை அடி என்று அதில் எழுதிவிடுங்கள்.