காளான் விதை விலையும் உங்கள் கணக்கும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

அடுத்த மாதம் முதல் சிப்பிக் காளான் விதை கிலோ 10 வெள்ளியிலிருந்து 12 வெள்ளியாகிறது. தானியமும் எரிவாயுவும் விலை ஏறியதால் வேறு வழியில்லை. "இதனால் எங்கள் லாபம் போய்விடுமா?" என்று பட்டர்வொர்த் பக்கமிருந்து பலர் கேட்டார்கள். முன்னூறு பைகளுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலைகள் உங்கள் இடத்துக்கேற்ப மாறும். கொட்டகைச் செலவை இதில் சேர்க்கவில்லை.

ஒரு பைக்குக் காய்ந்த வைக்கோல் ஒரு கிலோ, விதை நூறு கிராம். அப்படியென்றால் விதைக்கு 360 வெள்ளி, வைக்கோலுக்கு 240, பை, ரப்பர், எரிவாயு எல்லாம் சேர்த்து 180, விற்பனைக்குக் கட்டும் செலவு 120. கூலிதான் பெரியது. பை கட்ட இரண்டு பேருக்கு இரண்டு நாள், அப்புறம் நாற்பது நாள் தண்ணீர் தெளிக்கவும் பறிக்கவும் தினம் ஒன்றரை மணி நேரம். எல்லாம் 800 வெள்ளி வருகிறது. வீட்டு ஆட்களே செய்தாலும் இதை எழுதுங்கள். எழுதாவிட்டால் லாபம் எது, உங்கள் உழைப்பு எது என்று தெரியாது. மொத்தச் செலவு 1,700.

ஒரு பையில் மூன்று அறுவடையும் சேர்த்து 700 கிராம் கிடைத்தால் 210 கிலோ. கிலோ 10 வெள்ளிக்கு விற்றால் 2,100. கையில் 400 நிற்கும். இடைத்தரகர் 8 வெள்ளிதான் தருவேன் என்றால் கொடுக்காதீர்கள், அடக்க விலையே கிலோவுக்கு 8 வெள்ளி 10 காசு.

விதை விலையேற்றம் இந்தக் கணக்கில் 60 வெள்ளி. ஆனால் முப்பது பைகள் பச்சைப் பூஞ்சை பிடித்துப் போனால் இழப்பு 210 வெள்ளி, லாபத்தில் பாதிக்கு மேல். எங்களுக்குக் கவலை அதில்தான்.

பெரும்பாலும் வைக்கோலில்தான் கோளாறு. ஊறவைத்த வைக்கோலை 80 பாகை நீரில் ஒரு மணி நேரமாவது வைக்க வேண்டும். ஆறிய பிறகு ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். சொட்டு விழக்கூடாது, உள்ளங்கை மட்டும் ஈரமாக வேண்டும். சொட்டினால் இன்னும் உலர்த்துங்கள். ஈரம் மிகுந்த பையின் அடியில் பழுப்பு நீர் தேங்கிப் புளித்த வாடை வரும். பச்சைத் திட்டு தெரிந்த பையை அங்கேயே பிரிக்காமல், கொட்டகைக்கு வெளியே தூரத்தில் கொண்டுபோய்ப் புதைத்துவிடுங்கள். பிரித்தால் வித்துகள் பறந்து பக்கத்துப் பைகளுக்கும் போகும்.

விதையையும் பார்த்து வாங்குங்கள். வெள்ளையாக, உதிர்த்தால் பிரிவதாக இருக்க வேண்டும். எங்களிடம் வாங்கியதில் மஞ்சள் நீர் கட்டியிருந்தால் பையோடு திருப்பிக் கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறோம். இந்த மாத இறுதிக்குள் சொல்லி வைப்பவர்களுக்குப் பழைய விலைதான்.

இப்படிக்கு,
உங்கள் காளான் விதைக் கடையினர், பினாங்கு