செல்வமகள் கணக்கில் படிப்புக்குப் பாதி, கல்யாணத்துக்கு முழுசா?

மத்திய நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். நீங்கள் சுகன்யா சம்ரித்தி என்றும், எங்கள் ஊர் தபால் ஆபீசில் செல்வமகள் சேமிப்பு என்றும் சொல்லும் கணக்கு ஒன்று என் மகள் பெயரில் இருக்கிறது. 2015 ஏப்ரலில் தொடங்கினேன். அப்போது அவளுக்கு 7 வயது. பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும் என்பதால் அவசரம் அவசரமாகப் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போனது இன்னும் நினைவிருக்கிறது.

மாதம் 3,000 ரூபாய் கட்டினேன். வருடத்துக்கு 36,000. உச்ச வரம்பு ஒன்றரை லட்சம், குறைந்தபட்சம் 250. என்னால் முடிந்தது இந்த அளவுதான். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் கட்டிவிடுவேன். அதற்கு மேல் தாமதித்தால் அந்தத் தொகைக்கு அந்த மாத வட்டி கிடைக்காது, ஏனென்றால் 5-ஆம் தேதி முடிந்ததிலிருந்து மாதக் கடைசி வரை இருக்கும் மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. ஆரம்பத்தில் 9.2 சதவீதமாக இருந்த வட்டி நடுவில் மூன்று வருடம் 7.6-க்கு இறங்கியது, 2024 ஜனவரியில் 8.2 ஆனது. 2025 மார்ச் 31 அன்று பாஸ்புக்கில் 5,44,000 ரூபாய் சொச்சம் இருந்தது. அதில் நான் போட்டது 3,60,000, மீதி வட்டி. இந்தத் திட்டத்தில் எனக்குக் குறையே இல்லை. குறை எல்லாம் அந்தப் பணத்தைப் படிப்புக்கு எடுக்கப் போன அன்று தொடங்கியது.

2025 ஜூலையில் மகளுக்கு இன்ஜினியரிங் இடம் கிடைத்தது. கல்லூரியில் சில நாட்களுக்குள் பணம் கட்டிச் சேர வேண்டும். முதல் செமஸ்டர் கட்டணமும் விடுதி முன்பணமும் சேர்த்து 62,000 என்று கட்டண விவரச் சீட்டு கொடுத்தார்கள். அதையும் ஒதுக்கீட்டு ஆணையையும் எடுத்துக்கொண்டு கணக்கு இருக்கும் அஞ்சலகத்துக்குப் போனேன்.

முதலில், "பொண்ணுக்கு 18 ஆகலையேம்மா, ஆனதும் வாங்க" என்றார்கள். செப்டம்பரில்தான் 18 ஆகிறது, உண்மைதான். ஆனால் 2019 டிசம்பர் 12 அன்று நீங்கள் வெளியிட்ட விதி என்ன சொல்கிறது? 18 வயது நிறைவது, பத்தாம் வகுப்புத் தேறுவது, இவற்றில் எது முந்தியோ அப்போதிருந்தே எடுக்கலாம். அவள் 2023-லேயே பத்தாம் வகுப்புத் தேறிவிட்டாள். மதிப்பெண் பட்டியலைக் காட்டினேன். சரி என்றார்கள். அப்புறம், "பணம் கட்டின ரசீதைக் கொண்டு வாங்க" என்றார்கள்.

பணம் இல்லாததால்தானே எடுக்க வந்திருக்கிறேன்! கட்டிய பிறகு எதற்காக எடுப்பது? விதியில் கேட்டிருப்பது சேர்க்கையை உறுதிசெய்யும் கடிதம் அல்லது கட்டணச் சீட்டு. கட்டி முடித்த ரசீது என்று அதில் இல்லை. கவுண்டரில் இருந்தவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நாளைக்குத் தணிக்கையில் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அவர் கையில் தெளிவான சுற்றறிக்கை இருந்திருந்தால் இந்தப் பயம் வந்திருக்காது. கடைசியில் வளையலை அடகு வைத்துக் கல்லூரியில் கட்டிவிட்டு, ரசீதைக் கொடுத்துத்தான் பணத்தை எடுத்தேன். நகையை மீட்டுவிட்டேன். ஆனால் மகளுக்கென்று சேர்த்த பணம் கணக்கில் இருக்கும்போதே வெளியில் வட்டி கட்ட வேண்டியிருந்தது.

இதைவிடப் பெரிய சிக்கல் டிசம்பரில் வந்தது. விதிப்படி, முந்தைய நிதியாண்டின் கடைசி நாள் இருப்பில் பாதிவரை எடுக்கலாம். என் கணக்கில் அது 2,72,000. ஆனால் சேர்க்கையின்போது கல்லூரி கேட்கும் கட்டணத்துக்கும் பிற செலவுக்கும் மேல் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. சீட்டில் இருந்தது 62,000, எனக்குக் கிடைத்ததும் 62,000. இரண்டாம் செமஸ்டருக்கு 48,000 கட்டச் சொல்லி டிசம்பரில் சீட்டு வந்தபோது மறுபடியும் போனேன். வருடத்துக்கு ஒரு தடவைதான் எடுக்கலாம், அதுவும் அதிகபட்சம் ஐந்து வருடம், இந்த வருடக் கணக்கு முடிந்தது என்றார்கள். விதியில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் கல்லூரியில் கட்டணம் வருடத்துக்கு இரண்டு தடவை. இந்த இரண்டும் எங்கே பொருந்தும்? பாதி வரம்பில் இன்னும் 2,10,000 மீதி இருந்தும் 48,000-க்கு நான் வெளியே கைநீட்ட வேண்டியதாயிற்று. இதைப் படிக்கும் பெற்றோர் யாராவது அடுத்த ஜூனில் எடுக்கப் போவதாக இருந்தால், போவதற்கு முன்பே முழு வருடக் கட்டணத்தையும் ஒரே சீட்டில் எழுதித் தரக் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள். எனக்கு அது தாமதமாகத்தான் தோன்றியது.

அந்தப் பாதியிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. தவணையாக எடுத்தால், முதல் வருடம் கணக்கிட்ட 2,72,000-தான் ஐந்து வருடத்துக்கும் மொத்த வரம்பா, இல்லை, ஒவ்வொரு வருடமும் அப்போதுள்ள இருப்பில் பாதி என்று புதிதாகக் கணக்கிட வேண்டுமா? இரண்டு அஞ்சலகங்களில் கேட்டேன், இரண்டு பதில் கிடைத்தது. நான்கு வருடப் படிப்புக்குத் திட்டமிடும் குடும்பத்துக்கு இது தெரிந்தே ஆக வேண்டும்.

இனி, என் மனதை உறுத்தும் விஷயம். இதே மகளுக்கு நாளைக்கே கல்யாணம் என்றால், 18 நிறைந்திருக்கும் என்பதற்கான வயதுச் சான்றையும், நோட்டரி முன்னால் முத்திரைத்தாளில் எழுதிய உறுதிமொழியையும் கொடுத்து, கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே கணக்கை முடித்து முழுப் பணத்தையும் வாங்கிவிடலாம். அழைப்பிதழ் அச்சடித்த ரசீதையோ மண்டபத்துக்குக் கட்டிய ரசீதையோ விதி கேட்கவில்லை. நடக்கப்போகும் கல்யாணத்துக்கு உறுதிமொழி போதும், ஏற்கெனவே இடம் கிடைத்துவிட்ட படிப்புக்குப் பாதிதான், அதுவும் சீட்டில் உள்ளது மட்டும், அதுவும் வருடத்துக்கு ஒரு தடவை. இந்தத் திட்டம் 2015 ஜனவரியில் பானிபட்டில் 'பெண் குழந்தையைக் காப்போம், பெண் குழந்தையைப் படிக்க வைப்போம்' இயக்கத்தோடு சேர்த்துத் தொடங்கப்பட்டது. அதன் பெயரிலேயே படிப்பு இருக்கிறது. கல்யாணத்துக்குக் கொடுப்பதைக் குறைக்கச் சொல்லவில்லை. படிப்புக்கும் அதே நம்பிக்கையை வையுங்கள் என்கிறேன்.

மீதிப் பாதி பத்திரமாக இருக்க வேண்டும் என்ற உங்கள் எண்ணம் புரிகிறது. என் மகள் கணக்கு முதிர்வது 2036 ஏப்ரலில், அவளுடைய 28-ஆவது வயதில். ஆனால் அவள் படிப்பு 2029-லேயே முடிந்துவிடும்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். கட்டணச் சீட்டே போதும், கட்டிய ரசீது வேண்டாம் என்று எல்லா அஞ்சலகங்களுக்கும் வங்கிகளுக்கும் எழுத்தில் அனுப்புங்கள். ஒரு கல்வியாண்டில் இரண்டு தடவை எடுக்க அனுமதித்து, அடுத்தடுத்த செமஸ்டர் கட்டணமும் இதில் அடங்கும் என்று விதியில் சேருங்கள். தவணையில் எடுப்பவர்களுக்குப் பாதி எப்படிக் கணக்காகும் என்பதை ஓர் உதாரணத்தோடு விளக்குங்கள். பணம் நேரே கல்லூரிக் கணக்குக்கே போகட்டும் என்றாலும் எனக்குச் சம்மதம். அப்படிச் செய்தால் முழு இருப்பையும் படிப்புக்குத் திறந்துவிட உங்களுக்கும் தயக்கம் இருக்காது என்று நினைக்கிறேன்.

மூன்றாம் செமஸ்டர் கட்டணச் சீட்டு ஜூனில் வரும். அதற்குள் ஏதாவது பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு செல்வமகள் கணக்கின் காப்பாளரான தாய்