மூணு வரைக்கும் போதும்

தாராவி, மும்பை

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் எழுதினால் இரண்டு நீலக்கோடு விழுகிறது, அதோடு சரி. அதனால்தான் காகிதம். நீ வேலையில் இருப்பாய், பரவாயில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மாடி வீட்டு விஷயம் உனக்கே தெரியும், இன்னும் முடியவில்லை. மழைக்கு முன்னால் கூரைக்குத் தார் போடச் சொல்லியிருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடு.

நம் பேரன் குட்டிக்காக ஒரு எண்ணுப் பாட்டு கட்டியிருக்கிறேன். பால்வாடியில் இருபது வருஷம் பாடியிருக்கிறேன், ஆனால் எல்லாம் யாரோ கட்டின பாட்டு. சொந்தமாகக் கட்ட உட்கார்ந்தபோதுதான் அதில் இருக்கிற வம்பு தெரிந்தது. காலையில் கோயில் மண்டபத்தில் என்னிடம் விடுகிற ஒன்பது வாண்டுகளை வைத்துப் பாடிப் பார்த்துப் பார்த்து மாற்றினேன்.

முதலில் கட்டியது ஒண்ணுக்கு நிலா, ரெண்டுக்குக் கண், மூணுக்கு அடுப்புக்கல் என்று பத்து வரி, பத்துச் செய்கை. அப்பா கேட்டுவிட்டு ஆகா என்றார். ஒரு வாரம் பாடினோம். அதன் பிறகு ஒரு பிள்ளையிடம் "ரெண்டு எடுத்துத் தா" என்றேன், அது தன் கண்ணைத் தொட்டுக் காட்டியது. தப்பு அதன் மேல் இல்லை. ரெண்டு என்றால் கண் என்று நான்தானே சொல்லிக் கொடுத்தேன்! அதோடு பத்துச் செய்கையை நினைவில் வைக்கவே அதுகளுக்கு மூளை சரியாகப் போய்விடுகிறது, எண்ணுக்கு இடமே இல்லை. நாலாவது வரியில் பாதிப் பேர் எழுந்து ஓடிவிட்டார்கள்.

அதனால் எல்லா எண்ணுக்கும் ஒரே பொருள், ஒரே செய்கை என்று வைத்தேன். பொருள் இட்லி. விடியுமுன் இந்தத் தெருவிலிருந்து இட்லிப் பாத்திரம் எத்தனை தலையில் போகும் என்று உனக்குச் சொல்லவா வேண்டும்? இடது உள்ளங்கைதான் தட்டு. வலது கை இட்லியை எடுத்து அதில் 'டொப்' என்று வைக்கிறது. விரல் காட்டுகிற வேலை வேண்டாம். இந்த வயதில் மூணு விரலை மட்டும் நிறுத்துவது பெரிய வித்தை, பிள்ளை மற்ற கையால் விரலை மடக்கிக்கொண்டே பாட்டை விட்டுவிடும். உள்ளங்கையில் தட்ட எந்தப் பிள்ளைக்கும் முடியும். வாய் திறக்காத பிள்ளைக்கும் முடியும்.

பாட்டு இதுதான்:

இட்லி ஆச்சி வந்தாச்சு,
தட்டை நீட்டு, விடிஞ்சாச்சு!
எத்தனை வேணும்? மூணு, மூணு!
ஒண்ணு... ரெண்டு... மூணு...
மூணு இட்லி, மூணும் உனக்கு!

மூணு என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, அப்புறம் எண்ணி, முடிவில் திரும்பவும் "மூணு இட்லி" என்று சொல்கிறோம், கவனித்தாயா? அந்தக் கடைசி வரிக்காகத்தான் மற்ற வரிகள் எல்லாம். எண்ணும்போது கடைசியாக வந்த சொல்தான் மொத்தமும் என்பது நமக்குத் தானாகத் தெரிகிற மாதிரி இருக்கிறது. பிள்ளைக்குத் தெரியாது. அதற்கு ஒண்ணு ரெண்டு மூணு என்பது மந்திரம் மாதிரி ஒரு சரம், அவ்வளவுதான். கடைசி வரியில் இரண்டு கையையும் சேர்த்துத் தட்டை அவன் பக்கம் நீட்டிவிட்டு, ஒரு நொடி அப்படியே வைத்திரு.

ஒண்ணுக்கு மட்டும் வரி மாறும். "ஒண்ணு இட்லி" என்று நம் வாயில் வராது இல்லையா, "ஒரே ஒரு இட்லி, அதுவும் உனக்கு" என்று பாடு. இதை நான் முதலில் யோசிக்கவில்லை. மண்டபத்தில் பாடும்போது நாக்கு தானாகத் தடுக்கியது.

இனி தாளம். இங்கிலீஷில் ஏழைத் தவிர பத்து வரைக்கும் எல்லாம் ஒரே அசை. ஒரு சொல்லுக்கு ஒரு தட்டு, வேலை முடிந்தது. அந்த மெட்டில் நம் எண்ணை உட்கார வைத்தால் பிள்ளை 'ஒண்' என்று ஒரு தட்டு, 'ணு' என்று இன்னொரு தட்டு தட்டும். மூணு எண்ணி முடிக்கிறபோது ஆறு இட்லி விழுந்திருக்கும். வாய் சரியாகச் சொல்வதால் நமக்குச் சந்தேகமே வராது. கையைப் பார்த்தால்தான் தெரியும். அதனால் 'ஒண்' என்னும்போது கை இறங்கும், 'ணு' என்னும்போது அடுத்த இட்லிக்கு மேலே போகும். ரெண்டு, மூணு, நாலு, எல்லாம் இப்படி இரண்டு அசைதான், இறக்கம் ஏற்றத்துக்கு அளவெடுத்த மாதிரி பொருந்தும். ஒம்பது மட்டும் முரண்டு பிடிக்கும். 'ஒம்' இறக்கம், 'பது' இரண்டையும் சேர்த்து வேகமாக ஏற்றத்தில் முடித்துவிடு. இல்லாவிட்டால் அங்கே ஒரு இட்லி கூடிப்போகும்.

வேகமும் முக்கியம். சுவர்க் கடிகாரத்தின் நொடி முள் ஒரு முறை நகர ஒரு இட்லி. நாம் பெரியவர்கள் அதைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் பாடிவிட்டு, பிள்ளை பின்னால் வரவில்லை என்கிறோம். அப்புறம், என் கட்டைக் குரலுக்குப் பாடாதே. நீ கொஞ்சம் மேலேயே எடு. நான் கீழே எடுத்தால் வாண்டுகள் பாடாமல் உறுமுகிறார்கள்.

பத்து வரைக்கும் ஒரே மூச்சில் பாடாதே. முதல் அஞ்சு இட்லி உள்ளங்கையில், "அஞ்சு இட்லி" என்று நிறுத்தி மூச்சு விட்டு, ஆறிலிருந்து பத்து வரை முழங்காலில். ஒரே கையில் பத்தும் தட்டினால் ஏழுக்கு மேல் சும்மா கைதட்டல் ஆகிவிடுகிறது. எட்டிலிருந்து பத்துக்குத் தாவுகிற பிள்ளைகள் உண்டு. திருத்தாதே. நீ ஒம்பதை மட்டும் கொஞ்சம் இழுத்துப் பாடு, போதும். அந்தப் பத்து வரைப் பாட்டு நாளைக்கு ஒரு தடவை, சொற்கள் காதில் விழுவதற்காக. மற்ற நேரம் எல்லாம் ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு வரைக்கும் போதும் செல்வி. திரும்பத் திரும்பச் சொல்கிறேன், மூணு வரைக்கும் போதும்.

ஏன் என்றால், பாட்டு முடிந்ததும் ஒரு கிண்ணம் நிறைய பாட்டில் மூடிகளை வைத்து "ரெண்டு தா" என்று கேட்டுப் பார். பத்து வரை கடகடவென்று சொல்கிற பிள்ளையும் ஒரு பிடி அள்ளிக் கொடுக்கும். கேரன் வின் என்று ஒரு ஆராய்ச்சியாளர் 1990-இல் இதை எழுதினார் என்று பயிற்சியில் சொன்னார்கள். முதலில் ஒண்ணு மட்டும் புரியுமாம், மற்றதெல்லாம் 'நிறைய'. பல மாதம் கழித்து ரெண்டு, அப்புறம் மூணு. அதன் பிறகுதான் எந்த எண்ணைக் கேட்டாலும் எண்ணிக் கொடுக்கலாம் என்று பிடிபடும், அதற்கு மூன்றரை, நாலு வயதாகிவிடும். குட்டிக்கு இரண்டு வயது எட்டு மாதம். ஒண்ணு புரிந்தாலே போதும்.

இது எனக்கு முன்னாலேயே தெரியும். தெரிந்திருந்தும்தான் பொங்கலன்று அத்தனை பேர் நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு "ஆச்சிக்கு ஒண்ணு ரெண்டு சொல்லு, சொல்லு" என்று அவனை நெருக்கினேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நீ நெட்வொர்க் சரியில்லை என்றாய்.

நெட்வொர்க் சரியாகத்தான் இருந்தது, எனக்குத் தெரியும். உனக்கு எது ஞாபகம் வந்தது என்பதும் தெரியும். உனக்கு மூன்றரை வயது, நம் சால் குடியிருப்பில் பொங்கல் விழா. உன்னை நாற்காலி மேல் ஏற்றி நூறு வரை சொல்ல வைத்தேன். இருபத்தொம்பதிலிருந்து நாப்பதுக்குத் தாவினாய். கவுனுக்குள் கை விட்டுத் தொடையில் கிள்ளினேன். அழாமல் நூறு வரை சொல்லி முடித்தாய், எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கினாய். அதுவரை உனக்கும் ஞாபகம் இருக்கும். அன்று ராத்திரி நடந்தது இருக்குமோ என்னவோ. அப்பா "நாலு டம்ளர் கொண்டு வாடா கண்ணு" என்றார். நீ நெஞ்சோடு அணைத்து இருந்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்தாய். அப்பா சிரித்தார். நான் அடித்தேன், நூறு தெரியும், நாலு தெரியாதா என்று. பால்வாடியில் சேர்ந்து, அந்தப் பயிற்சி வகுப்பில் மூடிகளை அள்ளிக் கொடுக்கிற பிள்ளைகளைப் பற்றிச் சொன்னபோது உன் டம்ளர்தான் கண்ணில் வந்தது. நீ அப்போது எட்டாம் வகுப்பு. வீட்டுக்கு வந்து உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஊரெல்லாம் என் மகள் கணக்கில் புலி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

சரி. இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. போன வருஷம் மண்டபத்தில் ஒரு பையன் இருந்தான், பேச்சு வரவில்லை. செய்கை மட்டும் எல்லோரையும் விட அழகாகச் செய்வான். ஒரு நாள் நான் அவன் முதுகுப் பக்கம் உட்கார்ந்து பாடினேன். என் கையும் வாயும் தெரியாதபோது அவன் கை அசையவே இல்லை. விளையாட்டு மும்முரமோ என்று வேறு வேறு நாள் மூன்று தடவை பார்த்தேன், அதே கதைதான். டாக்டரிடம் காட்டினார்கள், சளி பிடித்துப் பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருந்தது. பார்த்துச் சரி செய்தார்கள், இப்போது வாய் மூடுவதில்லை. நம் குட்டிக்கு அப்படி என்று நான் சொல்லவே இல்லை. ஒரு நாள் பார்த்து முடிவு கட்டவும் கூடாது. பேசத் தாமதம் என்றால் பாட்டை நம்பிக்கொண்டு உட்காரவும் கூடாது. அவன் கவனம் வேறு எதிலும் இல்லாதபோது, பின்னால் இருந்து பாடிப் பார், அவ்வளவுதான்.

ஒண்ணு, ரெண்டு, மூணு மூன்றையும் என் குரலில் பதிந்து உனக்கு அனுப்பியிருக்கிறேன். மாப்பிள்ளைக்கு மராத்தியில் பாட வேண்டுமானால் பாடட்டும், ஆனால் இந்த மெட்டு அதற்குப் பொருந்தாது, அங்கே எண் சின்னச் சின்னது. அவரை நான் கேட்டதாகச் சொல்.

மூணாவது எண்ணுக்கு முன்னால் நிறுத்தி, மனசுக்குள் அஞ்சு எண்ணிக் காத்திரு. அவன் சொல்லாவிட்டால் நீயே சொல்லி, இட்லியை வைத்துவிடு. வீடியோ எடுத்து அனுப்ப வேண்டாம். பின்னால் இருந்து பாடியபோது கை விழுந்ததா என்று மட்டும் ஒரு வரி எழுது.

அம்மா