கறுப்பு இதயம் போட்டா கட்சிக்காரரா?

ஆசிரியருக்கு வணக்கம். புரொஃபைல்ல கறுப்பு, சிவப்பு இதய எமோஜி வச்சவங்க எல்லாம் இன்ன கட்சின்னு கணக்கு போட்டு உங்க பேப்பர்ல வந்த செய்திய படிச்சேன், அந்தக் கணக்கு பாதிதான் சரி. கறுப்பும் சிவப்பும் திமுக கொடி, நீலம் அம்பேத்கர் இயக்கம், ஆரஞ்சுன்னா காவி, இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா எல்லா போனுக்கும் பொதுவா எழுத்தையும் எமோஜியையும் வரையறுக்குற யூனிகோட் பட்டியல்ல நீல இதயம் 2010லயே வந்துடுச்சு, கறுப்பு 2016ல, ஆரஞ்சு 2017லதான், எதுவும் நம்ம கட்சிங்க கேட்டு வரல, கலர் வந்தப்புறம் ஆளாளுக்கு எடுத்துக்கிட்டாங்க, அவ்ளோதான். அதே கறுப்பு இதயத்த துக்கத்துக்கும் போடுறாங்க. முஷ்டி எமோஜி இன்னும் குழப்பம்: 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ஸ் மேடையில அமெரிக்க ஓட்டப்பந்தய வீரர்கள் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் கறுப்பின மக்களுக்காக தூக்கின கைய, 2024ல குண்டு உரசினதும் டிரம்பும் தூக்கினாரு, ரெண்டும் ஒரே அரசியலா?

எங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல எலெக்‌ஷன் டைம்ல ஒரு அக்கா கல்யாண நாள் போட்டோவுக்கு, புடவைக்கு மேட்ச்சா இருக்கட்டும்னு கறுப்பும் சிவப்பும் போட்டாங்க, உடனே "இங்க பாலிடிக்ஸ் வேணாம்"னு அட்மின் டெலிட் பண்ணிட்டாரு (அவரு டிபியில காவிக் கொடி, அது வேற கதை). அதனால ஒத்த இதயத்த வச்சு முடிவு பண்ணாதீங்க. ரெண்டு கலரும் சேர்ந்து பேருக்குப் பக்கத்துலயே நிரந்தரமா நிக்குதா, கூட உதயசூரியனோ தலைவர் படமோ இருக்கா, அந்த ஆளு எழுதுறது என்னன்னு பாத்துட்டு அடுத்த தடவை கணக்கெடுங்க.

- ஒரு வாசகர், மதுரை