தக்காளிக்கு ஒரே விலை கேட்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

குடியிருப்பாளர் சங்கச் செயற்குழுவினருக்கு,

வணக்கம். தீபாவளி முடியும்வரை நம் காலைச் சந்தையில் தக்காளியைக் கிலோ 4 வெள்ளிக்கு மேல் விற்கவிடக் கூடாது என்று மனு எழுதிக் கையெழுத்து வாங்கி வருகிறீர்கள். தோட்டத்துச் சம்பளத்தில் தீபாவளிக்குச் சாமான் வாங்கும் குடும்பங்களுக்காகத்தான் கேட்கிறீர்கள் என்பது எங்களுக்குப் புரிகிறது. ஆனால் விலை எதனால் ஏறியது என்று பார்க்காமல் கொடுக்கும் மனு அந்தக் குடும்பங்களையே வெறுங்கையோடு திருப்பி அனுப்பும். காய்கறி வியாபாரிகளாகிய நாங்கள் அதைக் கணக்குப் போட்டே காட்டுகிறோம்.

கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். சாதாரண நாளில் கேமரன் மலையிலிருந்து நம் சந்தைக்கு 300 கிலோ தக்காளி வருகிறது. கிலோ 4 வெள்ளி என்றால் சனங்கள் 300 கிலோ வாங்குவார்கள். 6 வெள்ளி என்றால் 240, 8 வெள்ளி என்றால் 180. விலை ஏறினால் ரசத்துக்குப் புளியைக் கூட்டிக் கரைத்துவிடுவார்கள், சட்னியைத் தேங்காயில் அரைத்துவிடுவார்கள். எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்ற இந்த முழுப் பட்டியலுக்குத்தான் தேவை என்று பெயர். வரத்து 300 ஆக இருக்கும்வரை சரக்கு மிஞ்சாமலும் பற்றாமல் போகாமலும் தீரும் விலை 4 வெள்ளி.

அக்டோபர், நவம்பரில் மலையில் மழை அதிகம். இலைக்கருகல் பரவும், பூ உதிரும், பழம் வெடிக்கும். மண் சரிந்து பாதை அடைபட்டால் லோரியும் இறங்காது. வரத்து 240 கிலோவுக்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். இப்போது சரக்கு தீரும் விலை 6 வெள்ளி. தேவைப் பட்டியல் மாறவில்லை, வரத்துதான் குறைந்தது.

இன்னொரு வாரம் மழையே இல்லை, வரத்து பழையபடி 300. ஆனால் தீபாவளி நெருங்கிவிட்டது. கோயில் அன்னதானம், விருந்துச் சமையல், சாப்பாட்டுக் கடை எல்லாமாகச் சேர்ந்து எந்த விலையிலும் முன்பைவிட 60 கிலோ கூடுதலாகக் கேட்கிறார்கள். அதே 6 வெள்ளிக்கு இப்போது 300 கிலோ போகும். பட்டியலே மாறிவிட்டது.

இரண்டு வாரமும் விலைப் பலகையில் இருந்தது 6 வெள்ளிதான், காரணம் வேறு வேறு. விற்ற கிலோவைக் கேட்டால்தான் அது தெரியும். விலை ஏறி, விற்ற எடையும் குறைந்திருந்தால் வரத்தில் கோளாறு. விலை ஏறியும் எடை குறையவில்லை என்றால் தேவை கூடியிருக்கிறது. விலையை மட்டும் பார்த்து “எல்லாரும் தக்காளியாக வாங்குகிறார்கள், அதனால்தான் ஏறிவிட்டது” என்று சொல்வதில் பாதி நேரம் தவறு நேர்கிறது.

தீபாவளிக்கு முந்திய வாரத்தில் இரண்டும் ஒன்றாக வந்துவிடும். வரத்து 240, தேவையும் 60 கூடுதல். அன்று சரக்கு தீரும் விலை 8 வெள்ளி. நீங்கள் கேட்கும் 4 வெள்ளிக்கு விற்றால் 360 கிலோ வேண்டும், இருப்பதோ 240. மீதி 120 கிலோ எங்கிருந்து வரும்? விடிவதற்குள் வந்தவர் கூடையோடு தூக்கிக்கொண்டு போவார். காலையில் பால்மரம் வெட்டிவிட்டோ குலை அறுத்துவிட்டோ பத்து மணிக்கு வருகிறவர் காலிக் கூடையைத்தான் பார்ப்பார். அதோடு, கூடுதல் விலை கிடைக்கும் ஊருக்கு லோரி திரும்பிவிட்டால் அந்த 240-உம் நமக்கு வராது. மலையில் புதிதாக நாற்று நட்டாலும் பழம் பறிக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். எனவே இந்த வாரத்து வரத்தை எந்த உத்தரவாலும் கூட்ட முடியாது.

பதுக்கல் என்ற சந்தேகத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். பழுத்த தக்காளி நம் ஊர் வெயிலில் மூன்று நான்கு நாளில் குழைந்துவிடும். காயாகக் குளிர்பெட்டியில் வைத்தால் 10 பாகைக்குக் கீழே குளிர் தாக்கி, பிறகு திட்டுத் திட்டாகப் பழுக்கும், ருசியும் போய்விடும். வெங்காயத்தைப்போல மாதக்கணக்கில் மூட்டை கட்டி வைக்கும் சரக்கு அல்ல இது. ஒரு கடைக்காரர் விலையை அதிகமாக வைத்திருக்கிறார் என்றால் சந்தை கலையும்போது அவர் கடைக்குப் போய்ப் பாருங்கள். அடிக்கூடையில் பழம் நசுங்கி நீர் கசியும், சின்னக் கொசு மொய்க்கும். விலை குறைவாக இருந்தால் எட்டு மணிக்கே கூடை கவிழ்ந்திருக்கும்.

கொள்ளை லாபம் வேறு விஷயம். அதற்கு 2011ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாடு, கொள்ளை லாபத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. மொத்த விலை ஒரு வெள்ளி ஏற, கடை விலை மூன்று வெள்ளி ஏறினால் உள்நாட்டு வாணிப அமைச்சின் அமலாக்க அதிகாரிகளிடம் புகார் செய்யுங்கள், நாங்களும் கையெழுத்துப் போடுகிறோம்.

மனுவில் கேட்க வேண்டியதை இப்படி மாற்றுங்கள். சந்தை வாசலில் ஒரு பலகை. தினமும் அதில் மூன்று எண்கள்: அன்றைய மொத்த விலை, வந்த கிலோ, சந்தை கலையும்போது மிஞ்சிய கிலோ. கோயில் சமையல், விருந்துச் சமையல்காரர்களிடம் பேசி, ஒரே நாளில் எடுக்கும் சரக்கை இரண்டு மூன்று நாளாகப் பிரித்து முன்கூட்டியே சொல்லச் செய்யுங்கள். எத்தனை கூடை, எந்த நாள் என்று பத்து நாள் முன்னால் தெரிந்தால் மொத்த வியாபாரியிடம் அதற்கு ஏற்ப நாங்கள் சொல்லி வைக்க முடியும்.

இப்படிக்கு,
காலைச் சந்தைக் காய்கறி வியாபாரிகள்