பட்டச் சான்றிதழில் ஒரே ஓர் எழுத்து: நெல்லைச் சீமைக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களின் கல்லூரி முதல்வர்களுக்கும் அலுவலகக் கண்காணிப்பாளர்களுக்கும் வணக்கம்.

பாளையங்கோட்டையில் ஆன்லைன் விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுக்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். துபாய், தோஹா, ரியாத் என்று வேலை கிடைத்து, சர்டிபிகேட்டை அட்டஸ்டேஷனுக்கு அனுப்ப வருகிற பிள்ளைகளை வாராவாரம் பார்க்கிறேன். எங்கே தாமதமாகிறது என்று கேட்டால் அவர்கள் சென்னையைச் சொல்வார்கள், டெல்லியைச் சொல்வார்கள். என் அனுபவத்தில் பெரும்பாலான தாமதம் அதற்கெல்லாம் முன்பே, உங்கள் அலுவலகத்தில் தொடங்கிவிடுகிறது. அதை நீங்கள் மனது வைத்தால் சரிசெய்துவிடலாம் என்பதால்தான் இந்த மடல்.

ஒரு பட்டச் சான்றிதழ் போகும் வழி இதுதான். அது உண்மையானது என்று பல்கலைக்கழகம் உறுதி சொல்ல வேண்டும். அதை வைத்து மாநில உயர்கல்வித் துறை முத்திரை போடும். பிறகு வெளியுறவு அமைச்சகம். அமைச்சகம் நம்மிடம் நேரே வாங்காது, அது நியமித்த முகவர் நிறுவனங்கள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். ஓமன், பஹ்ரைன், 2022 டிசம்பர் முதல் சவூதி ஆகிய நாடுகளுக்கு அமைச்சகம் போடும் அப்போஸ்டில் என்ற முத்திரையோடு வேலை முடிந்தது. அமீரகம், கத்தார், குவைத் என்றால் அந்த நாட்டுத் தூதரக முத்திரையும் வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அமைச்சகம் பார்ப்பது மாநில அதிகாரியின் கையெழுத்தை மட்டும்தான். பிள்ளையின் பெயர் சரியா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. அதனால் பெயரில் பிழை இருந்தாலும் எல்லா முத்திரையும் விழுந்துவிடும். அது கடைசியில், வேலை கொடுக்கும் நிறுவனத்தின் மேசையில்தான் பிடிபடும்.

கல்லிடைக்குறிச்சிப் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு அப்படித்தான் ஆனது. பெயரை மாற்றி இசக்கிமுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.காம் முடித்தவன், துபாயில் கணக்கர் வேலை கிடைத்தது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் அவன் பெயர் ஆங்கிலத்தில் ‘ஈ’ என்ற எழுத்தில் தொடங்குகிறது. பாஸ்போர்ட்டிலும் அப்படியே. பட்டத்தில் மட்டும் ‘ஐ’. முதலாண்டில் சேர்ந்தபோது கல்லூரியில் தட்டச்சு செய்த பட்டியலில் அப்படி விழுந்து, அதுவே நாமினல் ரோல், ஹால் டிக்கெட், மார்க் ஷீட், பட்டம் என்று கடைசிவரை வந்துவிட்டது. தூதரக முத்திரை வரை முடித்து ஸ்கேன் செய்து அனுப்பிய பிறகுதான் நிறுவனத்திலிருந்து கேள்வி வந்தது. நோட்டரியிடம் அபிடவிட் வாங்கிக் கொடுத்தோம், அவர்கள் ஏற்கவில்லை.

“ஒரு எழுத்துதான மாறியிருக்கு, அதுக்காவ வேல போவுமா?” என்று அவன் அப்பா என்னைக் கேட்டார். போயிற்று. திருத்தம் என்றால் அசல் பட்டத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பத்தாம் வகுப்புப் பட்டியலின் நகல், முதல்வரின் பரிந்துரைக் கடிதம், கட்டணம் எல்லாம் வேண்டும். முதல்வர் கடிதத்துக்கே பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேட வேண்டியிருந்தது. புதிய பட்டம் வந்தபோது பழையதில் போட்ட முத்திரைகள் எதுவும் அதில் இல்லை. அட்டஸ்டேஷனை முதலிலிருந்து மறுபடி செய்ய வேண்டும். நிறுவனம் காத்திருக்கவில்லை.

இதே பிழை பாஸ்போர்ட்டில் இருந்திருந்தால் கதை வேறு. பத்தாம் வகுப்புப் பட்டியலைக் காட்டி, நம் திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா கேந்திராவிலேயே திருத்தி மறுவெளியீடு கேட்கலாம். அது எவ்வளவோ சுலபம். பட்டத்தைத் திருத்துவதுதான் பெரும்பாடு.

இனிஷியல் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். நம் சான்றிதழில் ‘சு. இசக்கிமுத்து’ என்றுதான் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப்பெயர்க் கட்டத்தில் விரித்து எழுதப்பட்டிருக்கும். அந்தக் கட்டத்தைக் காலியாக விடவும் இப்போது பயமாக இருக்கிறது. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவுக்கு வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று அமீரகம் 2022 நவம்பரில் சொன்னது. விரிந்த இனிஷியலுக்கு விளக்கம் கொடுத்துச் சமாளித்துவிடலாம், அப்பா பெயர் மார்க் ஷீட்டிலோ டி.சி.யிலோ அதே எழுத்துகளோடு இருந்தால். அந்த டி.சி.யை எழுதித் தருவதும் நீங்கள்தான்.

அடுத்தது உங்கள் பீரோவில் கிடக்கும் பட்டங்கள். புரொவிஷனல் கையில் இருக்கிறதே என்று பிள்ளைகள் பட்டத்துக்கு விண்ணப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள், அல்லது வந்த பட்டத்தை வாங்கிக்கொள்ள வருவதில்லை. அட்டஸ்டேஷனுக்குப் பெரும்பாலும் பட்டமே வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள், புரொவிஷனல் போதாது. வந்துவிட்டது என்று ஒரு குறுஞ்செய்தி போட்டால் போதும். கொடுக்கும்போதே லேமினேட் செய்யாதே என்றும் சொல்லிவிடுங்கள். முத்திரைகள் அசலின் பின்பக்கத்தில்தான் விழும். பிளாஸ்டிக்கைப் பிரிக்கப்போய்க் கையெழுத்தின் மை உரிந்துவந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

தன்னாட்சிக் கல்லூரிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பட்டம் பல்கலைக்கழகம் கொடுத்தது, மதிப்பெண் பட்டியல் நீங்கள் கொடுத்தது. ஆகவே சரிபார்ப்புக் கடிதம் உங்களிடமும் வரும். பொறுப்பானவர் விடுப்பில் இருந்தால் அது அப்படியே கிடக்கிறது. பையன் மாதக்கணக்கில் பல்கலைக்கழகத்தைத் திட்டிக்கொண்டிருப்பான். பொறியியல் பிள்ளைகளிடமும் ஒரு குழப்பம் உண்டு. 2007இல் தொடங்கிய திருநெல்வேலி அண்ணா பல்கலைக்கழகம் 2012இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்துவிட்டது. அந்த ஆண்டுகளில் படித்தவர்கள் எங்கே விண்ணப்பிப்பது என்று தெரியாமல் அலைகிறார்கள். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தது 1990இல். அதற்கு முன் இந்தப் பக்கம் படித்தவர்களுக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகம்தான். கேட்டு வருகிறவரிடம் உங்கள் அலுவலகம் இதைச் சொன்னாலே அவருக்கு வீண் அலைச்சல் மிச்சம்.

மொழிபெயர்ப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமீரகத்துக்கு அரபி மொழிபெயர்ப்பு வேண்டியிருந்தால் அதை அங்கேயே, அந்நாட்டு நீதி அமைச்சகத்தில் பதிந்த மொழிபெயர்ப்பாளரிடம் செய்ய வேண்டும். இங்கே காசு கொடுத்துச் செய்வது வீண். முத்திரைகளையும் சேர்த்துத்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்பதால் எல்லா முத்திரையும் விழுந்த பிறகே அதைச் செய்வது நல்லது. இங்கே தேவைப்படுவது தமிழில் மட்டும் உள்ள டி.சி., பிறப்புச் சான்றிதழ் போன்றவற்றின் ஆங்கிலப் பெயர்ப்பு. அதிலும் பெயரைத் தட்டச்சு செய்கிறவர் தன் காதுக்குப் பட்டபடி எழுதிவிட்டால் மூன்றாவது எழுத்துக்கூட்டல் ஒன்று பிறந்துவிடும். பாஸ்போர்ட்டை எதிரே வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும்.

உங்களிடம் நான் முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான். கடைசி ஆண்டு நாமினல் ரோல் பல்கலைக்கழகத்துக்குப் போகும் முன், ஒருநாள் வகுப்புவாரியாகப் பட்டியலை மேசையில் வையுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் பத்தாம் வகுப்புப் பட்டியலைக் கொண்டுவந்து தன் பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். பிழை இருந்தால் அப்போதே திருத்தச் சொல்லிக் கேட்கலாம், அச்சான பட்டத்தைத் திருப்பிக் கொடுக்கும் நிலை வராது. ஆள் போதவில்லை என்றால் சொல்லுங்கள், அன்றைக்குக் கடையை மூடிவிட்டு நான் வந்து உட்காருகிறேன்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு விண்ணப்பக் கடைக்காரர்